இரும்புச் சட்டியில் சமைத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே, ஏன்?

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 41, எடை 55 கிலோ. இரண்டு வருடமாக மாதவிலக்கு ஏழெட்டு நாள் வரை நீள்கிறது, கட்டியும் படுகிறது. போன முறை ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 என்று வந்தது. தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டியதால் பத்து நாளில் நிறுத்திவிட்டு இரும்புச் சட்டி வாங்கினேன். புளிப்பான குழம்புகளை அதில்தான் வைக்கிறேன். நன்றாகக் கறுத்தால் சத்து நிறைய இறங்கியிருக்கும் என்று இரவு முழுக்க அதிலேயே விட்டுவிடுவதும் உண்டு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 9.9 தான். என் கணவருக்கு 48 வயது. உடல் பரிசோதனையில் அவருக்கு ஃபெரிட்டின் 640 வந்திருக்கிறது. 'எனக்கு இரும்புச்சத்து ஏராளம்' என்று சந்தோஷப்படுகிறார். 13 வயது மகளும் இதே சாப்பாடுதான், அவள் போன வருடம் பெரியவளானாள். சட்டியை மாற்ற வேண்டுமா? குழம்பில் இரும்புத் துண்டு எதையாவது போட்டுக் கொதிக்கவைக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டியில் குறை எதுவும் இல்லை. அது தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் உடம்பு இப்போது கேட்பது அதைவிடப் பல மடங்கு அதிகம். அப்புறம், ஒரே சட்டிச் சாப்பாட்டை உங்கள் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறீர்கள். அந்த மூவரின் நிலையும் ஒன்று இல்லை. உங்களுக்கு அது போதாது, மகளுக்குச் சரியாக இருக்கும், கணவருக்கு இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சட்டியிலிருந்து எவ்வளவு இறங்குகிறது?

இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் இரும்பு கூடும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருபது வகை உணவுகளை இரும்புப் பாத்திரத்திலும் இரும்பு இல்லாத பாத்திரத்திலும் சமைத்து ஒப்பிட்டார்கள். 100 கிராம் ஆப்பிள் கூழில் 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7 மி.கி.க்கு மேல் போனது. தக்காளிச் சாறு சேர்ந்த ஒரு குழம்பில் 0.6 மி.கி. என்பது கிட்டத்தட்ட 6 மி.கி. ஆனது. ஆனால் அதே ஆய்வில் சோள ரொட்டியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. புளிப்பு இரும்பைக் கரைக்கும், கரைந்தது உணவில் கலக்க ஈரம் வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணிசமாக இறங்கும். எண்ணெயில் சட்டென்று வதக்கி எடுப்பதிலோ, உலர்வாகச் சுட்டு எடுப்பதிலோ அதிகம் கிடைக்காது. புதுச் சட்டி கூடுதலாக இரும்பு விடும். எண்ணெய் பழகி வழவழப்பாகக் கறுத்துப்போன பழைய சட்டி குறைவாக விடும். உள்ளே எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் உணவு இரும்பைத் தொடுவதே இல்லை, அதனால் எதுவும் இறங்காது. விலை கொடுத்து அதை வாங்கிவிட்டு இரும்புச்சத்து ஏறும் என்று காத்திருப்பவர்களையும் நான் பார்த்ததுண்டு.

உணவில் இறங்கிய இரும்பு முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடாது என்பது அடுத்த விஷயம். சட்டியின் இரும்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் போலத்தான் குடலில் நடத்தப்படுகிறது. இறைச்சியில் உள்ளதைப் போல எளிதாக உள்ளே போகாது. உங்களைப் போல இருப்பு காலியானவர்களின் குடல் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும், ஆனாலும் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

புளிப்பான குழம்பை ஒரு நாளைக்கு ஒன்றரைக் கரண்டி, அதாவது சுமார் 150 கிராம் சாப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் சட்டி கூடுதலாகத் தந்தது 5 மி.கி. இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு என்றால் ரத்தத்தில் சேர்வது நாளைக்கு அரை மில்லிகிராம். மாதத்துக்கு 15 மி.கி.

இனி செலவுப் பக்கம். ஏழெட்டு நாள், கட்டியோடு என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மாதம் 80 மில்லி ரத்தமாவது போகும். அதிகப்படியான உதிரப்போக்குக்கு மருத்துவர்கள் பல காலமாக வைத்திருக்கும் எல்லையும் அதுதான். உங்கள் ஹீமோகுளோபின் அளவில் 80 மில்லி ரத்தத்தில் சுமார் 27 மி.கி. இரும்பு இருக்கும். மற்ற சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்போ, தோல், குடல் வழியாகத் தினமும் இயல்பாகவே இழக்கும் 1 மி.கி.யை ஈடுகட்டுவதற்கே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆக, சட்டியிலிருந்து வரவு 15, மாதவிலக்கில் செலவு 27. ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

இதைத் தவிர பழைய பாக்கி இருக்கிறது. எடையையும் ஹீமோகுளோபினையும் வைத்து மொத்தப் பற்றாக்குறையைக் கணிக்க எங்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. 55 கிலோ எடை, 9.8இலிருந்து 13க்கு ஏற்ற வேண்டும், காலியான சேமிப்பையும் நிரப்ப வேண்டும் என்று போட்டால் சுமார் 920 மி.கி. வருகிறது. நாளைக்கு அரை மில்லிகிராம் வீதம் என்றால், ஒரு சொட்டு உதிரம்கூடப் போகாமல் இருந்தால்கூட, ஐந்து வருடம் ஆகும்.

அதனால் 9.8 என்பது 9.9 ஆனதை ஏற்றம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே நாளில் இரண்டு முறை ரத்தம் எடுத்தால்கூட இந்த அளவு வித்தியாசம் வரலாம். சட்டி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் சட்டி யாருக்குத்தான் உதவியது என்று கேட்பீர்கள். எத்தியோப்பியாவில் இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் வீடுகளில் பாதிக்கு இரும்புப் பானையும் பாதிக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி இரும்புப் பானைக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் சராசரியாக 1.7 கிராம் ஏறியது, மற்றவர்களுக்கு 0.4. நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் சின்னக் குழந்தைகள், மாதாமாதம் ரத்த இழப்பு இல்லாதவர்கள், அதற்கும் ஒரு வருடம் பிடித்தது.

குழம்பில் இரும்புத் துண்டு போடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்போடியாவில் மீன் வடிவ இரும்புக் கட்டி ஒன்றைச் சமையலில் போட்டுக் கொதிக்கவைக்கும் முயற்சி மிகவும் பேசப்பட்டது. ரத்தசோகை உள்ள பெண்களிடம் அதை முறையாகச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது ஹீமோகுளோபினில் பலன் தெரியவில்லை. அங்கே பலருடைய ரத்தசோகைக்குக் காரணம் இரும்புப் பற்றாக்குறை இல்லை, பிறவியிலேயே வரும் ஹீமோகுளோபின் குறைபாடுகள். காரணம் வேறாக இருந்தால் இரும்பு எந்த வழியில் போனாலும் பயன் இல்லை. உங்களுக்குப் பற்றாக்குறை என்பது ஃபெரிட்டின் 8 என்பதிலேயே தெளிவாகிவிட்டது. உங்கள் சிக்கல் அளவுதான். சட்டியை மீறித் துண்டு ஒன்றும் தந்துவிடாது. அதிலும் பழைய கம்பி, ஆணி, லாடம் என்று கையில் கிடைத்ததைப் போடவே போடாதீர்கள். பூச்சும் பெயின்ட்டும் ஈயம் போன்ற கலப்பு உலோகங்களும் எதில் இருக்கின்றன என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கறுத்தால் சத்து என்பது சரியா?

இல்லை. காய்கறிகளிலும் புளிப்புப் பொருள்களிலும் துவர்ப்புச் சத்துகள் இருக்கின்றன. கரைந்த இரும்பு அவற்றோடு பிணைந்தால் குழம்பு கறுத்துவிடும். இரும்பு இறங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்தான், ஆனால் அப்படிப் பிணைந்த இரும்பைக் குடலால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. சாப்பிட்டவுடன் டீ, காபி குடிக்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். ஆக, மிகவும் கறுத்த குழம்பில் இரும்பு அதிகம்தான், ஆனால் பயன்படும் இரும்பும் அதிகம் என்று சொல்ல முடியாது. சட்டியில் பிடித்த துருவுக்கும் இதுதான் பதில். அது வயிற்றுக்குள் போனாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும்.

இரவு முழுக்க விடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். உலோகச் சுவை ஏறும், சட்டியும் அரிக்கும், எவ்வளவு இறங்கியது என்பதும் கை மீறிப் போய்விடும். சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், சட்டியைக் கழுவித் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சையோ பழமோ சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உள்ளே போக உதவும். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். கறுப்பு நிறத்தைத் துரத்துவதைவிட இது பயன் தரும்.

இன்னொரு கறுப்பையும் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது சகஜம். சட்டிச் சமையலால் மட்டும் பொதுவாக அப்படி ஆகாது. மாத்திரை எதுவும் எடுக்காதவருக்குத் தார் போல் பிசுபிசுப்பாக, நாற்றத்துடன் கறுப்பாகப் போனால் அது குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம். 'இரும்புச் சட்டிதான் காரணம்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரைக்கு மறுபடி ஒரு வாய்ப்பு

வயிற்றைப் புரட்டியது உங்கள் கற்பனை இல்லை. பலருக்கும் வருகிறது, பலரும் உங்களைப் போலவே சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நிறுத்துவதற்கு முன் மாற்றிப் பார்க்க வழிகள் உண்டு. ஒரு நாள் மாத்திரை போட்டதும் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஒரு ஹார்மோனைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. அது அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உள்ளே போகிறது, வயிற்றுத் தொந்தரவும் பலருக்குக் குறைகிறது. 60 மி.கி. இரும்பு உள்ள மாத்திரையை இப்படி எடுத்தால் உங்களைப் போன்றவருக்கு ஒரு வேளைக்கு 10 மி.கி. அளவுக்குச் சேரும் என்று எதிர்பார்க்கலாம். சராசரியாக நாளைக்கு 5 மி.கி., அதாவது சட்டி தருவதைப் போல் பத்து மடங்கு.

உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், உறிஞ்சுவது சற்றுக் குறையும், பரவாயில்லை. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், அல்லது எந்த வகை மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமாக, வாளியின் ஓட்டையைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக நீளும் உதிரப்போக்கை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நானாக இருந்தால் முதலில் கவனிப்பது அதைத்தான். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், நாற்பதைத் தாண்டும்போது வரும் ஹார்மோன் மாற்றமாகவும் இருக்கலாம். ஸ்கேனும் சில ரத்தப் பரிசோதனைகளும் போதும், பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். போக்கைக் குறைக்க மாத்திரைகளும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு, ஆகவே அறுவைச் சிகிச்சை என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கணவருக்கு

640 என்பது சந்தோஷப்பட வேண்டிய எண் இல்லை, பதற வேண்டிய எண்ணும் இல்லை. ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்பைக் காட்டுவதோடு, உடலில் எங்காவது அழற்சி இருந்தாலும் ஏறும். கல்லீரலில் கொழுப்பு, மதுப் பழக்கம், நாள்பட்ட நோய்த்தொற்று ஆகியவற்றிலும் இப்படி வரும். உண்மையில் இரும்பு மிகுந்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனை இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. அது 45 சதவீதத்தைத் தாண்டினால், குடல் அளவில்லாமல் இரும்பை உள்ளே விடும் பரம்பரை நோய் இருக்கிறதா என்று மரபணுச் சோதனை செய்வார்கள். கல்லீரல் பரிசோதனையும் கூடவே செய்வது நல்லது.

இரண்டு மாதச் சட்டிச் சமையலால் இது வந்திருக்க வாய்ப்பில்லை, அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். ஆனால் முடிவு தெரியும்வரை அவருடைய பங்கைச் சாதாரணப் பாத்திரத்தில் சமையுங்கள். இரும்பு கலந்த டானிக்குகளும் வைட்டமின் சி மாத்திரைகளும் அவருக்கு வேண்டாம், பழம் சாப்பிடலாம். பரம்பரை நோய் என்று உறுதியானால் அதற்குச் சிகிச்சை, அவ்வப்போது ரத்தத்தை வெளியே எடுப்பது. பாத்திரத்தை மாற்றுவது மட்டும் போதாது.

சமையலில் இறங்கும் இரும்பு யாருக்கும் கெடுதல் செய்யாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆரோக்கியமானவர்களின் குடல் வேண்டாததைத் தடுத்துவிடும் என்பதால் பெரும்பாலோருக்கு அது சரிதான். ஆனால் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் இரும்புப் பாத்திரங்களில் புளிக்கவைத்த பாரம்பரிய பீரைப் பல வருடம் ஏராளமாகக் குடித்தவர்களுக்குக் கல்லீரலில் இரும்பு தேங்கிப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. மணிக்கணக்கில் இரும்பில் கிடந்த புளித்த பானம் அது. இரவு முழுக்க விடாதீர்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறவியிலேயே ஹீமோகுளோபின் குறைபாடாக வரும் தலசீமியா நோய் உள்ளவர்களும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும், நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இரும்புச் சட்டிக்கு மாற வேண்டாம். தலசீமியாவை மரபாகத் தாங்கி மட்டும் இருப்பவர்களுக்கு ரத்த அணுக்கள் சின்னதாக இருக்கும், ஹீமோகுளோபினும் சற்றுக் குறைவாக இருக்கும். இரும்புப் பற்றாக்குறை என்று தவறாக எண்ணி வருடக்கணக்கில் இரும்பு தருவது அவர்களுக்குத்தான் அடிக்கடி நடக்கிறது. ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் சட்டியை நினைக்கவே வேண்டாம். மாதாமாதம் போகும் வழி இல்லாதவர்களுக்கு இரும்பு எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் மகளுக்கு

இந்தச் சட்டியால் உங்கள் வீட்டில் அதிகம் பயன்பெறக்கூடியவள் அவள்தான். வளர்கிற வயது, மாதவிலக்கும் தொடங்கிவிட்டது. தேவை கூடியிருக்கிறது, பெரிய பாக்கி ஏதும் அநேகமாக இன்னும் சேர்ந்திருக்காது. நாளைக்கு அரை மில்லிகிராம் என்பது உங்களுக்குச் சொற்பம். சாதாரண உதிரப்போக்கு உள்ள பெண்ணுக்கோ மாதத்தில் போவதே 15 முதல் 20 மி.கி. வரைதான், அதில் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடும். அவளுக்குத் தொடருங்கள். ஒரு முறை மட்டும் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் அவளுக்கும் மாத்திரைதான் வழி. அப்பாவுக்குப் பரம்பரை நோய் உறுதியானால் அவளையும் பரிசோதிக்க வேண்டுமா, எந்த வயதில் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு மகளிர் மருத்துவரைப் பார்க்கும் வேலை, கணவருக்கு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பரிசோதனை. அடுத்த மாதவிலக்கில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றும் அளவுக்குப் போக்கு இருந்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கி நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.